கைச்செலவாக இருந்த பணிக்கொடை, கடனாகப் பேரேட்டில் ஏறிய கதை

புதுக்கடை நீதவான் நீதிமன்றம் என்றதும் களவு, அடிதடி, போதைப்பொருள் வழக்குகள்தான் நினைவுக்கு வரும். அதே நீதிமன்றத்துக்கு வேறொரு வகைக் காகிதமும் வந்து சேர்கிறது. ஒரு நிறுவனம் வேலையை விட்டுச் சென்ற ஊழியருக்குப் பணிக்கொடை கொடுக்கவில்லை, கொடுக்கவேண்டிய தொகை இவ்வளவு என்று தொழில் ஆணையாளர் ஒப்பமிட்டு அனுப்பும் சான்றிதழ் அது. வேலைத்தலம் எந்த நீதவானின் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கே அது போகும். முதலாளி தக்க காரணம் காட்டாவிட்டால், அந்தத் தொகையைத் தண்டப்பணம்போல் அறவிட நீதவானால் கட்டளையிட முடியும்.

முதலாளி மனம்வைத்துக் கொடுத்த ஒன்று எப்படித் தண்டப்பணம்போல் அறவிடப்படும் கடனாயிற்று? ஒரே நாளில் ஆகவில்லை. முதலில் ஒரு நியாய மன்று, பிறகு ஒரு சட்டம், அதன்பிறகு ஒரு கணக்கீட்டு நியமம் என்று மூன்று படியில் ஆயிற்று. ஒவ்வொரு படியிலும் கணக்கப்பிள்ளையின் பேரேட்டில் ஒரு பதிவு மாறியது. இன்று வருட முடிவில் போடும் ‘பணிக்கொடை ஏற்பாடு’ என்ற வரி அப்படி வந்ததுதான்.

பழைய முறையில் ஏற்பாடு என்று எதுவும் இல்லை. நீண்டகாலம் உழைத்த லிகிதரோ கடைச் சிப்பந்தியோ விலகும்போது முதலாளி விரும்பினால் ஒரு தொகை கொடுப்பார். எவ்வளவு என்பதும் அவர் விருப்பம். கொடுத்த நாளில் காசேட்டில் ஒரு பதிவு விழும்: பணிக்கொடைச் செலவு டெபிட், காசு கிரெடிட். அதோடு சரி. கடமை என்று ஒன்று இல்லாதபோது அதற்காக முன்கூட்டியே எதையும் பதிய வேண்டியதில்லை என்பதால் அந்தப் பதிவில் பிழையும் இல்லை. முப்பது வருடம் உழைத்தவரின் தொகை முழுவதும் அவர் போன வருடத்தின் இலாபத்திலிருந்து கழிந்தது. முந்திய இருபத்தொன்பது வருடங்களின் கணக்கில் அதன் தடம்கூட இல்லை.

முதல் மாற்றம் 1957இல் வந்தது. பண்டாரநாயக்க அரசில் தொழில் அமைச்சராக இருந்தவர் டி. பி. இலங்கரத்ன. அக்காலத்தில், 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தைத் திருத்தி 62ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. தொழில் நியாய மன்றுகள் அதனால் உருவானவை. தொழிலாளி தானாகவோ தொழிற்சங்கம் மூலமாகவோ மன்றுக்கு மனுச்செய்ய 31ஆ பிரிவு வழி திறந்தது. வேலைநீக்கம் பற்றி மட்டுமல்ல, வேலை முடிந்தபோது பணிக்கொடை கிடைக்க வேண்டுமா, எவ்வளவு என்ற கேள்வியையும் அங்கே கொண்டுபோகலாம். நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் அதையும் மீறி நிவாரணம் வழங்க மன்றுக்கு அதிகாரம் உண்டு. அளவுகோல் ஒன்றுதான்: நீதியும் ஒப்புரவும் உடையதாக இருக்க வேண்டும்.

தொழிலாளிக்கு இது பெரிய திறப்பு. கணக்கப்பிள்ளைக்கோ பாதி வெளிச்சம்தான். கடமை ஒன்று வரலாம் என்று தெரிந்தது, அதன் அளவு தெரியவில்லை. சேவைக்காலம், சம்பளம், நடத்தை, நிறுவனத்தின் வசதி ஆகியவற்றைப் பார்த்து மன்று எந்தத் தொகையைச் சொல்லும் என்பதை மார்ச் 31இல் உட்கார்ந்து யாரால் எழுத முடியும்? அடுத்த வருடமே, 1958இல், ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் வந்தது. அது மாதாமாதம் ஒரு வீதப்படி கட்டுவது. அதைப் பதிவதில் சிக்கல் இல்லை. பணிக்கொடைக்கு அப்படி ஒரு வாய்ப்பாடு கிடைக்க இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று.

அந்த வாய்ப்பாட்டைத் தந்தது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைக் கொடுப்பனவுச் சட்டம். வேலை முடிவதற்கு முந்திய பன்னிரண்டு மாதங்களில் எந்த ஒரு நாளிலாவது பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலைசெய்த நிறுவனத்தை அது கட்டுப்படுத்தும். ஊழியர் ஐந்து பூரண வருடங்கள் சேவை செய்திருக்க வேண்டும். தானே விலகினாலும், நீக்கப்பட்டாலும், ஓய்வுபெற்றாலும், இறந்தாலும் உரிமை உண்டு. இறந்தவருக்குரியது வாரிசுகளுக்குப் போகும். மாதச் சம்பளக்காரருக்குச் சேவையின் ஒவ்வொரு பூரண வருடத்துக்கும் அரைமாதச் சம்பளம், மற்றவர்களுக்குப் பதினான்கு நாள் கூலி. கணக்குப் பார்ப்பது கடைசியாகப் பெற்ற சம்பளத்தை வைத்து. முப்பது நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

இந்தியாவில் 1972இலேயே இப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது. அங்கே பத்துப் பேர் இருந்தால் போதும். வருடத்துக்குப் பதினைந்து நாள் கூலி என்றாலும் மாதத்தை இருபத்தாறு வேலைநாளாகக் கொண்டு வகுப்பார்கள். மாதம் 52,000 ரூபாய் வாங்குபவருக்கு ஒரு வருடத்துக்கு அந்தக் கணக்கில் 30,000 வரும். இலங்கை முறையில் சம்பளத்தில் பாதி, அதாவது 26,000. ஒரே குடும்பத்துக்குச் சென்னையிலும் கொழும்பிலும் கடை இருந்தால், ஓர் ஊரின் கணக்கை மற்ற ஊரில் போட்டுவிடுவது இங்கேதான்.

சட்டத்தில் சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளமும் வாழ்க்கைச் செலவுப்படி போன்றவையும். மேலதிக நேரக் கொடுப்பனவோ போனஸோ அதில் சேராது. அதனால் சில இடங்களில் அடிப்படைச் சம்பளத்தை அப்படியே வைத்துவிட்டு வருகைப்படி, ஊக்கப்படி என்று மற்றத் தலைப்புகளைப் பெருக்குவார்கள். மாதம் கையில் கிடைப்பது கூடும். விலகும் நாளில் அரைமாதம் சிறுத்துப்போயிருக்கும். சம்பளச் சீட்டில் எந்தப் பெட்டி வளர்கிறது என்பதை ஊழியர் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது.

வாய்ப்பாடு வந்ததும் கணக்கப்பிள்ளைக்குச் சாக்கு இல்லாமல் போயிற்று. சம்பளம் தெரியும், சேர்ந்த திகதி தெரியும், வீதமும் தெரியும். ஆளுக்கு இவ்வளவு என்று இன்றே எழுதிவிடலாம். ஆனால் எந்த வருடத்திலிருந்து எழுதுவது? சட்டப்படி ஐந்து வருடம் முடியாதவருக்கு ஒரு சதமும் உரித்தில்லை. அப்படியானால் ஆறாம் வருடத்தின் முதல் நாள் அரைமாதம் ஐந்து ஒன்றாக வந்து விழ வேண்டுமா?

கணக்கீட்டு நியமம் அப்படிப் பார்க்கவில்லை. ஊழியர் உழைப்பைத் தருவது முதல் வருடத்திலிருந்தே. அந்த உழைப்பின் விலையில் ஒரு பகுதி பிறகு கொடுக்கப்படுகிறது, அவ்வளவுதான். ஐந்து வருடம் தாண்டாமல் போகக்கூடியவர்களின் வாய்ப்பைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் செலவு உழைத்த வருடத்துக்கே உரியது. 1995ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கணக்கீட்டு, கணக்காய்வு நியமங்கள் சட்டம், குறித்துரைக்கப்பட்ட வணிக நிறுவனங்கள் நியமங்களைப் பின்பற்றியே ஆகவேண்டும் என்று ஆக்கியது. முன்பு இலங்கைக் கணக்கீட்டு நியமம் 16 ஊழியர் நன்மைகளைக் கவனித்தது. 2012 ஜனவரி முதல் எல்.கே.ஏ.எஸ். 19 அந்த இடத்துக்கு வந்தது.

கொழும்புப் பங்குச் சந்தைக் கம்பெனிகளின் வருடாந்த அறிக்கைகளைப் புரட்டினால், கணக்கீட்டுக் கொள்கைப் பகுதியில் ஒரே கருத்துத் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: சேவையின் முதல் வருடத்திலிருந்தே ஏற்பாடு செய்யப்படுகிறது, ஆயினும் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஐந்து வருடத் தொடர் சேவை முடிந்த பின்பே ஊழியருக்கான பொறுப்பு எழுகிறது. அந்த ‘ஆயினும்’ ஏன் வந்தது என்பது மேலே சொன்ன கதை தெரிந்தால் விளங்கும். முற்பகுதி நியமத்தின் குரல், பிற்பகுதி சட்டத்தின் குரல்.

இனிப் பேரேட்டுக்கு வருவோம். புதுக்கடையில் சட்டத்தரணிகளுக்குப் படிவங்களும் வழக்கேட்டு உறைகளும் அச்சிடும் ஓர் அச்சகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பதினெட்டுப் பேர் வேலை. கணக்கு வருடம் மார்ச் 31இல் முடிகிறது. இயந்திரம் ஓட்டுபவர் ஒருவர் 2016 ஏப்ரல் 1இல் சேர்ந்தார். சிறிய நிறுவனங்களில் பழக்கத்திலுள்ள எளிய கணக்கையே போடுவோம்.

2023 மார்ச் 31இல் அவர் ஏழு வருடம் முடித்திருந்தார். சம்பளம் 60,000 ரூபா, அரைமாதம் 30,000. ஏழால் பெருக்கினால் 210,000. அன்று அவருக்கான ஏற்பாடு இதுதான்.

அடுத்த வருடத்தில் சம்பளம் 70,000 ஆயிற்று. 2024 மார்ச் 31இல் எட்டு வருடம், அரைமாதம் 35,000. ஏற்பாடு 280,000 ஆக இருக்க வேண்டும். ஏற்கனவே 210,000 இருப்பதால் இந்த வருடத்துக்குக் கூட்டவேண்டியது 70,000.

பணிக்கொடைச் செலவு — டெபிட் 70,000
பணிக்கொடை ஏற்பாடு — கிரெடிட் 70,000

செலவு இலாப நட்டக் கணக்குக்குப் போகும். ஏற்பாடு ஐந்தொகையில் பொறுப்புகளின் பக்கம் நிற்கும்.

இந்த 70,000 எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எட்டாம் வருட உழைப்புக்கு உரியது அரைமாதம், 35,000 மட்டுமே. மீதி 35,000 பழைய ஏழு வருடங்களுக்கு உரியது. சட்டம் கடைசிச் சம்பளத்தால் பெருக்கச் சொல்வதால், அரைமாதம் 5,000 கூடியபோது முந்திய ஏழு வருடங்களும் சேர்ந்து விலை ஏறின. சம்பள உயர்வைப் பேசும் மேசையில் முதலாளி மாதம் 10,000 கூடுகிறது என்று மட்டும் பார்ப்பார். பழைய ஆட்கள் நிறைந்த கடையில் அந்தக் கையெழுத்தோடு பணிக்கொடைக் கடனும் ஒரே தடவையில் ஏறிவிடும். வருடாவருடம் பழைய சம்பளத்தில் அரைமாதம் மட்டும் கூட்டிக்கொண்டு போகும் கணக்கப்பிள்ளையின் ஏற்பாடு குறைபடுவதும் இதனால்தான்.

அவர் 2024 செப்டெம்பர் 30இல் விலகுகிறார். அப்போது சம்பளம் 76,000. சேவை எட்டரை வருடம். பூரண வருடமே கணக்கு என்பதால் எட்டுத்தான். அரைமாதம் 38,000, மொத்தம் 304,000. ஒக்டோபர் 30க்குள் காசோலை அவர் கையில் இருக்க வேண்டும். பதிவு இப்படி:

பணிக்கொடை ஏற்பாடு — டெபிட் 280,000
பணிக்கொடைச் செலவு — டெபிட் 24,000
வங்கி — கிரெடிட் 304,000

மூன்று இலட்சத்துக்கு மேல் வெளியே போன வருடத்தில் இலாபத்தைத் தொட்டது 24,000 மட்டுமே. மீதி முந்திய வருடங்களில் ஏற்கனவே கழிக்கப்பட்டுவிட்டது. சில அலுவலகங்களில் 304,000ஐயும் ஏற்பாட்டுக்கே டெபிட் செய்துவிட்டு, வருட முடிவில் இருக்கவேண்டிய மீதியைக் கணித்து, குறையும் தொகையைச் செலவில் போடுவார்கள். முடிவு ஒன்றுதான்.

வழக்கமாகப் பிழைக்கும் இடம் ஒன்று உண்டு. காசோலை எழுதுபவர் ஒருவர், வருட முடிவுக் கணக்குப் பார்ப்பவர் வேறொருவர். காசோலைக்காரர் முழுத் தொகையையும் சம்பளச் செலவில் எழுதிவிடுகிறார். ஏற்பாட்டில் 280,000 அப்படியே கிடக்கிறது, ஆளோ அச்சகத்தில் இல்லை. ஒரே பணிக்கொடை இரண்டு தடவை இலாபத்தைக் கடித்துவிட்டது. மொத்த மீதியை மட்டும் பார்த்தால் இது தெரியாது. ஒவ்வொரு மார்ச் 31இலும் பெயர், சேர்ந்த திகதி, கடைசிச் சம்பளம், பூரண வருடம், தொகை என்று ஆள்வாரியாகப் பட்டியல் போட்டு, அதன் கூட்டுத்தொகையைப் பேரேட்டு மீதியோடு பொருத்திப் பார்க்க வேண்டும். பொருந்தாத தொகை அநேகமாகப் போனவர் ஒருவரின் தொகையாகவே இருக்கும்.

நான்கு வருடம் பத்து மாதத்தில் விலகுபவரின் கதை வேறு. சம்பளம் 40,000 என்றால் அவருக்காக 80,000 வரை ஏற்பாடு சேர்ந்திருக்கும். சட்டப்படி கொடுக்க ஒன்றுமில்லை. அந்த 80,000ஐ ஏற்பாட்டுக்கு டெபிட், பணிக்கொடைச் செலவுக்குக் கிரெடிட் என்று திருப்ப வேண்டும். பணம் எங்கும் போகவில்லை, இல்லாத கடன் புத்தகத்திலிருந்து நீங்கியது. வருடாவருடம் இப்படித் திருப்புவது அதிகமாக இருந்தால், புதியவர்களில் எத்தனை பேர் ஐந்து வருடம் தங்குகிறார்கள் என்ற மதிப்பீட்டைத் திருத்தவேண்டும் என்று பொருள்.

வருமான வரிக் கணக்கில் இந்த ஏற்பாட்டுக்கு மதிப்பில்லை. வருடம்தோறும் போடும் தொகையை இலாபத்தோடு திரும்பக் கூட்டிவிட்டு, உண்மையில் கொடுத்த தொகையையே கழிப்பார்கள். நம் உதாரணத்தில் 2024 மார்ச்சின் 70,000க்குக் கழிவு இல்லை. காசோலை போன வருடத்தில் 304,000க்கும் கழிவு உண்டு. கைக்காசுக் காலத்துப் பழைய பதிவு இன்னும் உயிரோடிருப்பது வரிக் கணக்கில்தான்.

போனஸின் கதை குறுகியது. இந்தியாவில் 1965இலேயே போனஸ் கொடுப்பனவுச் சட்டம் வந்து, குறைந்தபட்ச வீதமும் வகுக்கப்பட்டது. இலங்கைத் தனியார் துறை முழுவதற்கும் அப்படியொரு சட்டம் இல்லை. இங்கே போனஸ் நியமனக் கடிதத்திலிருந்தோ, தொழிற்சங்கத்தோடு செய்த கூட்டு ஒப்பந்தத்திலிருந்தோ, தீபாவளிக்கும் நத்தாருக்கும் சித்திரைக்கும் கொடுத்துவந்த வழக்கத்திலிருந்தோ வருகிறது. எல்.கே.ஏ.எஸ். 19 வழக்கத்தையும் கணக்கில் எடுக்கிறது. எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டாலும், கொடுக்காமல் விட நடைமுறையில் வழியில்லை என்ற நிலை வந்துவிட்டால் அது கடமைதான். தொகையை நம்பத்தக்க விதத்தில் மதிப்பிட முடிந்தால் பதிய வேண்டும்.

அதே அச்சகம் ஒவ்வொரு டிசம்பரிலும் எல்லோருக்கும் ஒரு மாத அடிப்படைச் சம்பளம் கொடுத்துவருகிறது. மாதச் சம்பளக் கூட்டு 900,000. டிசம்பரில் கொடுக்கப்போவது ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான உழைப்புக்கு. ஆகவே மார்ச் 31இல் மூன்று மாதத்துக்குரிய கால் பங்கு, 225,000, ஏற்கனவே உழைக்கப்பட்டுவிட்டது.

போனஸ் செலவு — டெபிட் 225,000
கொடுபட வேண்டிய போனஸ் — கிரெடிட் 225,000

ஏப்ரல் முதல் மாதம் 75,000 வீதம் கூட்டிக்கொண்டு வந்தால் டிசம்பரில் 900,000 நிறையும். கொடுத்த நாளில் கொடுபட வேண்டிய போனஸ் டெபிட், வங்கி கிரெடிட். இடையில் சம்பளம் கூடியிருந்தால் வித்தியாசம் மட்டும் செலவுக்குப் போகும். செப்டெம்பரில் விலகிய இயந்திரக்காரருக்கு டிசம்பர் போனஸ் உண்டா? அது அச்சகத்தின் வழக்கத்தைப் பொறுத்தது. டிசம்பரில் வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும் என்பது வழக்கமானால், அவருக்காகச் சேர்ந்ததைத் திருப்ப வேண்டும். போனஸ் ஒரு வருடத்தோடு தீர்ந்துவிடும். சேவைக்காலமோ கடைசிச் சம்பளமோ அதைப் பின்னோக்கிப் பெருக்குவதில்லை.

பெரிய கம்பெனிகளில் அரைமாதப் பெருக்கலோடு நிறுத்த முடியாது. எதிர்காலச் சம்பள உயர்வு, விலகும் வீதம், ஓய்வு வயது, வட்டி வீதம் எல்லாவற்றையும் வைத்து ஓர் அக்சுவரி மதிப்பிட்டுத் தருவார். ஓய்வு வயது எவ்வளவு பேசும் என்பதை 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க ஆகக்குறைந்த ஓய்வு வயதுச் சட்டம் காட்டியது. ஐம்பத்தைந்தில் போகவேண்டியவர்கள் மேலும் வேலையில் இருக்கலாம் என்றானதும், கொடுக்கும் திகதிகள் தள்ளிப்போயின. அந்த வருடக் கணக்குகளில் பல கம்பெனிகளின் பணிக்கொடைப் பொறுப்பு ஒரே மதிப்பீட்டில் மாறி, முந்திய சேவைக்கான சரிக்கட்டல் என்ற புதிய வரி தென்பட்டது. அதற்காக ஒரு சதமும் கைமாறவில்லை.

ஏற்பாடு எவ்வளவு சரியாக எழுதப்பட்டாலும் அது வெறும் எழுத்துத்தான். அதே வருடாந்த அறிக்கைகளில், இந்தப் பொறுப்புக்கு வெளியே நிதி ஒதுக்கப்படவில்லை என்ற குறிப்பும் அடிக்கடி வரும். 280,000 என்று கிரெடிட் நிற்பதால் வங்கியில் 280,000 இருக்கிறது என்று பொருளில்லை. அது கடதாசியிலோ இயந்திரத்திலோ கடன்காரரிடமோ முடங்கியிருக்கலாம். மூன்று மூத்தவர்கள் ஒரே வருடத்தில் விலகினால் இலாப நட்டக் கணக்கு அசையாது, காசேடு ஆட்டம் காணும். ஆகவே அடுத்த இரண்டு வருடத்தில் ஓய்வுபெறக்கூடியவர்களின் தொகையையாவது நிலையான வைப்பில் தனியே போட்டுவைப்பது சிறிய நிறுவனத்துக்குப் பாதுகாப்பு.

வைக்காவிட்டால் கணக்கு வேறு மாதிரி ஓடும். முப்பது நாள் தாண்டினால் சட்டம் மேலதிகத் தொகை விதிக்கிறது: தாமதம் ஒரு மாதத்துக்குள் 10 சதவீதம், மூன்று மாதத்துக்குள் 15, ஆறு மாதத்துக்குள் 20, பன்னிரண்டு மாதத்துக்குள் 25, அதற்கு மேல் 30. நம் இயந்திரக்காரரின் 304,000ஐ ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தடித்தால் 91,200 கூடி 395,200 ஆகும். அந்த 91,200ஐ எந்த ஏற்பாட்டிலிருந்தும் எடுக்க முடியாது. அது பழைய வருடங்களில் யாரும் உழைத்துத் தேடிய தொகையல்ல. இழுத்தடித்த வருடத்தின் செலவாக முழுவதும் விழும்.

பதினைந்து பேருக்குக் குறைந்த கடைகளை 1983ஆம் ஆண்டுச் சட்டம் தொடவில்லை. அங்கே வேலைசெய்பவருக்கு இன்றும் 1957இன் வழிதான்: தொழில் நியாய மன்று, நீதியும் ஒப்புரவும் என்ற அளவுகோல். அந்தக் கடையின் கணக்கப்பிள்ளைக்கு வாய்ப்பாடு கிடையாது. ஆனாலும் மன்றுக்குப் போனால் ஏதோ ஒரு தொகை வரலாம் என்பது தெரிந்த விடயம். அரைமாதக் கணக்கையே ஒரு மதிப்பீடாக எடுத்து வருடாவருடம் எழுதிவைத்திருந்தால், பதினைந்தாவது ஆளைச் சேர்க்கும் நாளில் பழைய வருடங்கள் எல்லாம் ஒன்றாக வந்து அந்த ஒரு வருட இலாபத்தின் மேல் விழாது.